கண்டறிந்தவர் பெயர்

ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் எங்கள் கிடங்கில் எல்லோரும் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ள வேண்டும். சுயமதிப்பீடு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் பெட்டி அடுக்கியவன்கூட அந்த இரண்டு வாரமும் கணினி முன்னால் உட்கார்ந்து, ‘நான் முன்னெடுத்தேன், நான் மேம்படுத்தினேன்’ என்று தட்டிக்கொண்டிருப்பான். எனக்குக் கூச்சநாச்சம் கிடையாது. மருந்துகளை லாரியில் ஏற்றி அனுப்பும் மேசை என்னுடையது. எந்த லாரி எத்தனை மணிக்குப் போனது என்பது பதிவில் இருக்கிறது. அதை எடுத்து ஒட்டி ஒரே மதியத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

சும்மா புகழ்ந்தால் போதாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வருஷ ஆரம்பத்தில் ஒப்புக்கொண்ட இலக்கு என்ன, அதற்கு நான் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது, அதற்கு ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். அன்றாட வேலையைப் பிழையில்லாமல் செய்தேன் என்பதற்கு ‘எதிர்பார்ப்பை நிறைவேற்றினார்’ என்ற தரம்தான் கிடைக்கும். அதற்கு மேலே உள்ள ‘எதிர்பார்ப்பை விஞ்சினார்’ வேண்டுமென்றால், வேலைக்கு வெளியே ஏதாவது செய்திருக்க வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் மேலாளர் படித்துக் கருத்து எழுதுவார். பிறகு எல்லாக் கிளை மேலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு கிளையில் தாராளமாகவும் இன்னொரு கிளையில் கஞ்சத்தனமாகவும் தரம் போய்விடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த அறையில் நம்மைத் தெரியாதவர்கள்தான் அதிகம். அங்கே நமக்காகப் பேசுவது ஆதாரம் மட்டும்தான்.

இந்த வருஷம் அந்த மேல்தரம் டிகிரிக்கு வேண்டியிருந்தது. உயிர் போகிற மாதிரி வேண்டியிருந்தது.

டிகிரி என்பது பட்டப்பெயர். குளிர் அறைப் பொறுப்பில் இருந்தவள். தடுப்பூசி, இன்சுலின் எல்லாம் இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையில் உள்ளே நுழையும்போது எல்லோரும் வணக்கம் சொல்வார்கள், இவள் “டிகிரி எவ்வளவு?” என்பாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கேட்பாள், கழிவறையிலிருந்து வெளியே வந்ததும் கேட்பாள். புதிதாக வந்தவர்கள் இவள் ஏதோ பெரிய படிப்பு படித்தவள், அதனால்தான் இந்தப் பெயர் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நிற்பார்கள். நாங்களும் திருத்த மாட்டோம். மற்றவர்களுக்கு டிகிரி அக்கா, எனக்கு வெறும் டிகிரி. என்னை அவள் அக்கா என்பாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம்.

எங்கள் நிறுவனத்துக்கு இன்னொரு ஊரிலும் ஒரு கிடங்கு உண்டு. அங்கே குளிர் அறைப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிறார் என்று சுற்றறிக்கை வந்தது. உள்ளேயே இருக்கும் ஆட்களுக்குத்தான் முதல் வாய்ப்பு, ஆனால் இந்த வருஷ மதிப்பீட்டில் மேல்தரம் வாங்கியவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. அந்த ஊரில்தான் டிகிரியின் புருஷன் இருந்தான். அவள் பெண்ணும் அங்கேதான்.

அவன் இங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். பட்டறையை மூடினார்கள். அந்த ஊரில் வேலை கிடைத்தது. அங்கே அவனுடைய அக்காவும் இருந்தார். டிகிரிக்கு ஷிப்ட் வேலை. குழந்தையைத் தனியாக வைத்துக்கொண்டு இங்கே சமாளிக்க முடியாது. ஒரே ஒரு வருஷம், அதற்குள் நீயும் அங்கே ஒரு வேலை பார்த்துக்கொள் என்று பேசி, குழந்தையை அப்பாவோடு அனுப்பினார்கள். இவள் அந்த ஊரில் வேலை தேடாத இடமில்லை. மருந்துக் கிடங்கு என்று அங்கே இருப்பதே எங்களுடையதும் இன்னொன்றும்தான். ஒரு வருஷம் மூன்றாகிவிட்டது. பால்பல்லோடு போன குழந்தை முன்பல் விழுந்து முளைத்து நிற்கிறது.

மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் வருவாள். மற்ற நாட்களில் மதிய இடைவேளையில், குளிர் அறைக்கான தடிமனான கோட்டைக்கூடக் கழற்றாமல், உடைமாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் அந்தக் குழந்தை போனை வைக்கவே விடாது. கோட்டைப் பார்த்து “அம்மா கரடி, அம்மா கரடி” என்று கத்தும். இவளும் கையுறையோடு கையைத் தூக்கி உறுமிக் காட்டுவாள். நாங்கள் தட்டை வைத்துக்கொண்டு சிரிப்போம். போகப் போகப் பேச்சு சுருங்கியது. “சாப்டியா?” “சாப்டேன்.” “ஸ்கூல்ல என்ன?” “ஒண்ணுமில்ல. அத்தை கூப்பிடறாங்க, வைக்கட்டாம்மா?” போன் அணைந்த பிறகும் டிகிரி அதைக் கையில் பிடித்தபடியே இருப்பாள். ஏதாவது சொல்லப் போனால் அழுதுவிடுவாளோ என்று, “எழுந்திரு, டிகிரி ஏறிடப் போவுது” என்பேன்.

சுற்றறிக்கை வந்த அன்று அவள் குழந்தையிடம் சொல்லிவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

“கிடைச்சப்புறம் சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா, அவ கண்ணு எப்படி விரிஞ்சுது தெரியுமா? கட்டில்ல எந்தப் பக்கம் யாருன்னு இப்பவே முடிவு பண்ணிட்டா.”

கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கிடங்கில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த வருஷம் டிகிரி செய்ததைப் போல யாரும் செய்யவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கிடங்கில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பேர் குடுக்கிறது என்போம். யாருக்காவது வேலை நிரந்தரமாவது இழுபறியாக இருந்தால், யாராவது போன மாதம் ஏதோ தப்பு பண்ணி மேலாளரின் கோபத்தில் இருந்தால், அடுத்து நடக்கிற நல்ல காரியத்தை அவர்கள் பெயரில் பதிவு செய்துவிடுவது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துப் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்ன யோசனை டிகிரியுடையது. பெட்டி எடுக்கும் ஒருத்தி தப்புப் பெட்டியை அனுப்பித் திட்டு வாங்கியிருந்ததால், அந்த யோசனையை அவள் பெயரில் எழுதிக் கொடுத்தாள். இப்படி எத்தனையோ. மற்றவர்கள் வருஷத்தில் ஒரு தடவை கொடுத்தால் பெரிய விஷயம். இவள் கடலை மிட்டாய் மாதிரி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒருபோதும் கொடுத்ததில்லை, நான் கேட்டதுமில்லை. “உன் பேரை நீயே கொஞ்சம் வெச்சுக்கோடி” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். “எனக்கெதுக்குக்கா, நான் எங்க போகப் போறேன்?” என்று சிரிப்பாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

குளிர் அறையின் இயந்திரம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே நின்று, தன் மேல் படிந்த பனியை உருக்கிக்கொள்ளும். அப்போது உள்ளே வெப்பம் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கும். வரைபடத்தில் சின்னச் சின்னக் குன்றுகளாகத் தெரியும். அன்று மதியம் டிகிரி அந்தக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் எட்டுக்குள்தான் இருந்தன, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது, இறங்கவும் கூடுதல் நேரம் எடுத்தது. எனக்குக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மூச்சு வாங்குதுக்கா இது” என்றாள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் வருவதற்குள், பக்கத்தில் இருந்த இன்னொரு குளிர் அறைக்கு எல்லாப் பெட்டிகளையும் மாற்றச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு. அவளும் நானும், அன்று ஷிப்டில் இருந்த, தாடிக்காரன் என்று நாங்கள் கூப்பிடும் புது ஆளுமாகத் தள்ளுவண்டியை உருட்டினோம். மணியே அடிக்காததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நான் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினேன். கடைசி வண்டி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அந்த இயந்திரம் ஒரேயடியாக நின்றுபோனது. பெட்டிகள் அங்கேயே இருந்திருந்தால் அத்தனை தடுப்பூசியும் குப்பைக்குப் போயிருக்கும். மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

சம்பவ அறிக்கை எழுத வேண்டும். தாடிக்காரனுக்குத் தகுதிகாண் காலத்தை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியிருந்தார்கள். இரண்டாவது தடவை நீட்ட மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். டிகிரி அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

“உங்க லாகின்ல திறங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

“வேணாங்க்கா. நான் வண்டி தள்ளினதோட சரி.”

“அடிங்கன்னா.”

‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் அவன் பெயர் போனது. அடுத்த மாதம் அவனுக்கு வேலை நிரந்தரமானது.

இதில் யாருக்கும் தப்புச் செய்வதாக நினைப்பே இல்லை. அதற்குப் பிறகுதான், பதிவுகளைச் சரிபார்க்கும் தரப்பிரிவின் அதிகாரி அம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். மருந்துக் கிடங்கில் ஒரு பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அதைச் செய்திருக்க வேண்டும். வேறு ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுதினால் அது பொய்ப் பதிவு. ஒரு பதிவு பொய் என்றால் மற்ற எதையும் அரசாங்க ஆய்வாளர்கள் நம்ப மாட்டார்கள். எழுதியவருக்கும் எழுதவைத்தவருக்கும் வேலை போகும் என்றார். “செஞ்சவங்க பேருதான் இருக்கணும். இதுல தயவுதாட்சண்யமே கிடையாது” என்று மேசையைத் தட்டிச் சொன்னார். பின்வரிசையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றோடு பேர் குடுக்கிற பழக்கம் நின்றது. கொடுத்த பேர்களைத் திரும்ப வாங்க வழியில்லை.

சுயமதிப்பீடு எழுத டிகிரி என் மேசைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் புது ஏற்பாடு. ஒவ்வொரு சாதனைக்கும் அதன் பதிவு எண்ணைப் போட வேண்டும். போட்டால் அந்தப் பதிவே பக்கத்தில் வந்து நிற்கும். முன்பெல்லாம் ஆதாரத்தை வார்த்தையில் எழுதினால் போதும், மேலாளர் பார்த்துக்கொள்வார்.

முதல் வரியை நன்றாகவே எழுதியிருந்தாள். ‘வெப்பநிலை வரைபடத்தில் மாற்றத்தைக் கவனித்து, எச்சரிக்கை மணி அடிக்கும் முன்பே இருப்பை மாற்றினேன். இயந்திரம் பழுதாகியும் மருந்து எதுவும் வீணாகவில்லை.’ நான் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அறிக்கை எண்ணைப் போட்டாள். பக்கத்தில் ஒரு கட்டம் திறந்தது. கண்டறிந்தவர்: தாடிக்காரனின் பெயர்.

நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

“அடுத்ததைப் போடு” என்றேன்.

பெட்டிகளைத் தள்ளி வைத்த யோசனை. அதன் எண்ணைப் போட்டாள். அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவள்தான். பயிற்சிப் பதிவில் கையெழுத்துப் போட்டது மேற்பார்வையாளர். ஒவ்வொரு எண்ணுக்கும் யாரோ ஒருவர் பெயர் வந்து நின்றது. அவள் பெயரில் இருந்தது தினசரி வரைபடத்தில் போட்ட சுருக்கக் கையெழுத்தும், மாதாமாதம் இருப்பை எண்ணிச் சரியாக இருக்கிறது என்று எழுதியதும்தான். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அதற்கு மேல்தரம் தர மாட்டார்கள்.

“இவ்வளவுதானாக்கா நான் செஞ்சது?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். குரல் அப்படி இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை. “நான் சாட்சி எழுதித் தரேன். அன்னிக்கு நான் இருந்தேன். கூட வேலை செய்யறவங்க கருத்துன்னு ஒரு இடம் இருக்கில்ல? அதுல போடறேன். யாரு வந்து என்னை என்ன கேக்கறாங்கன்னு பாத்துடறேன்” என்றேன்.

“எழுதினா, அந்த ரெக்கார்டு பொய்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரிக்கா.”

“இருக்கட்டும்.”

“அவனுக்கு வேலை போகும்.”

“போகட்டும்! உன் பொண்ணைப் பாருடி நீ.”

“எனக்கும்தானே போகும்? அவனை அடிக்கச் சொன்னதே நான்தான். அப்புறம் எங்க இருக்கு மாறுதல்?”

சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. இப்படி ஒரு மூலையில் ஒரு மனுஷி தன்னைத்தானே கொண்டுபோய் நிறுத்திக்கொள்ள முடியுமா? முடிந்திருக்கிறது, அதுவும் நல்ல மனசால்.

ஆனாலும் அவள் அந்த வரியை அழிக்கவில்லை. வரைவாகவே சேமித்து வைத்தாள். வரைவை மேலாளர் முன்கூட்டிப் பார்த்து யோசனை சொல்வது வழக்கம். எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை, அதிகம் பேசாதவர். மறுநாள் அவளைக் கூப்பிட்டார். என்ன நடந்தது என்று அன்று பஸ் நிறுத்தத்தில் அவளே ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

“இந்த முதல் வரி” என்றாராம். “நீங்க கண்டுபிடிச்சதா எழுதியிருக்கீங்க. ரெக்கார்டுல வேற பேரு இருக்கு.”

“ஆமா சார்.”

“நீங்க எழுதினது தப்புன்னா அழிச்சிடுங்க. ரெக்கார்டு தப்புன்னா நான் தரப்பிரிவுக்குச் சொல்லியாகணும். அதுக்கப்புறம் எதுவும் என் கையில இல்ல. இது இன்னும் வரைவுதான். நான் இதுவரைக்கும் எதுவும் படிக்கல.”

அவள் திரையில் இருந்த அந்த வரியை மறுபடி படித்தாளாம்.

“மாறுதலுக்குத்தானே பாக்கறீங்க?” என்று கேட்டாராம்.

“ஆமா சார். பொண்ணு அங்க இருக்கா.”

“தெரியும்மா” என்றவர், “எத்தனை டிகிரின்னு ஒருத்தர்தான் இங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? அந்த அறையில மத்த மேலாளர்ங்க ஆதாரம் கேப்பாங்களே” என்றாராம்.

அவர் முன்னாலேயே அழித்தாள். ஒரு வரியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விரலை வைத்து எடுப்பதற்குள் முடிந்துவிட்டது என்றாள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அடுத்ததற்காக நின்றோம். அப்போதுதான் அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, வாய்க்கு வந்தபடி நிறுவனத்தைத் திட்டினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

இதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாடிக்காரன் வந்தான். அவனுக்கும் விஷயம் எட்டியிருந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. புதிதாகப் பிறந்த குழந்தை தூங்கவிடவில்லையா, மனசு தூங்கவிடவில்லையா தெரியவில்லை.

“அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன்” என்றான்.

“சொல்லி?”

“உங்களோடதுன்னு சொல்றேன். என்னால முடியலக்கா.”

“ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம். அதானே வேணும் உங்களுக்கு?” என்றாள் டிகிரி. அவள் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே இறங்கி வந்து, “உங்க மதிப்பீடு எழுதியாச்சா?” என்று கேட்டாள்.

“எழுதிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமையைப் போடல.”

“போடலையா?”

“எப்படிக்கா போடுவேன்? கை வரல.”

டிகிரி நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். “கிடங்குலேயே இந்த வருஷம் பெரிய விஷயம் அதுதான். அறிக்கை உங்க பேருல இருக்கு. உங்க மதிப்பீட்டுல அது இல்லைன்னா, ஏன் இல்லைன்னு யாராவது ஒருத்தர் கேப்பாங்க. அந்தக் கூட்டத்துலயே கேப்பாங்க. என்ன சொல்வீங்க?”

“விடு டிகிரி, அவன் தலையெழுத்து” என்றேன். அவள் கேட்கவில்லை. அவன் மதிப்பீட்டைத் திறக்கச் சொன்னாள். அவனுக்கு எழுத வரவில்லை. ‘வரைபடத்தைப் பார்த்தேன்’ என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எதைப் பார்த்தான், ஏன் சந்தேகம் வந்தது என்று எழுத அவனுக்கு எப்படித் தெரியும்? பார்த்தவள் அவள் அல்லவா?

அவளே கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அழித்த வரியையே அவன் மதிப்பீட்டில் இன்னும் விவரமாக மறுபடி எழுதினாள். ‘பனி உருகும் நேரங்களில் வெப்பநிலை முன்பைவிட உயர்வதையும், இறங்கத் தாமதமாவதையும் நான் கவனித்தேன்.’ நான் என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் அவள் விரல் ஒரு நொடி நின்று போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அறிக்கை எண்ணைப் போட்டாள். பக்கத்தில் கட்டம் திறந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருந்தது. எல்லாம் சரி என்று பச்சை அடையாளம் வந்தது.

தாடிக்காரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றான். பெரிய ஆள், தோள் குலுங்கியது. “போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. பாப்பா பேரு வெச்சாச்சா?” என்று கேட்டாள் டிகிரி.

தரங்கள் வந்தன. தாடிக்காரனுக்கு ‘எதிர்பார்ப்பை விஞ்சினார்’. டிகிரிக்கு ‘எதிர்பார்ப்பை நிறைவேற்றினார்’. கீழே மேலாளர் தன் கருத்தில், நம்பகமானவர், சக ஊழியர்களுக்கு மிகுந்த உதவி செய்பவர், வரும் ஆண்டில் தன் பங்களிப்புகளை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அவரால் எழுத முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் படித்தபோது அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. அந்த ஊர் வேலைக்கு வெளியிலிருந்து யாரையோ எடுத்தார்கள்.

டிகிரி மாறவில்லை. டிகிரி எவ்வளவு என்று கேட்பதும் நிற்கவில்லை. குழந்தையிடம் மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வாரம் குழந்தைக்குச் சளி, அடுத்த வாரம் பரீட்சை என்று ஏதோ ஒரு காரணம். கடைசியில் ஒரு நாள் மதியம் உடைமாற்றும் அறையில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“கண்ணு, அம்மாவுக்கு அந்த வேலை கிடைக்கலடா.”

அந்தப் பக்கம் குழந்தை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. “சரிம்மா” என்றது. “அப்பா சொன்னாங்க. நீ சொல்லுவேன்னுதான் நான் கேக்கல.”

டிகிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பரீட்சை மார்க் வந்துடுச்சா?” என்றாள்.

குழந்தை ஓடிப்போய் மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் பிடித்தது. கணக்கில் நல்ல மார்க். டிகிரி ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிச் சிரித்தாள். அட்டை மெல்ல மேலே நகர்ந்தது. கடைசியில் ‘தாயின் கையெழுத்து’ என்ற இடம் வந்தது. அங்கே நீல மையில் அவளுடைய நாத்தனார் கையெழுத்து இருந்தது.

குழந்தையும் அதை அப்போதுதான் கவனித்தது போல அட்டையைச் சட்டென்று இறக்கியது. “இன்னிக்கே குடுக்கணும்னு மிஸ் சொன்னாங்கம்மா. அத்தைதான் தினமும் பாடம் சொல்லிக்குடுத்தாங்க. அதான் அவங்க போட்டாங்க” என்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பக்கத்துல இடம் இருக்கும்மா. உன் பேரையும் நான் எழுதட்டுமா? நீ போட்ட மாதிரியே எழுதறேன். யாருக்கும் தெரியாது” என்றது.

டிகிரி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“வேணாம் கண்ணு” என்றாள். “அத்தை சரியாத்தான் போட்டிருக்காங்க. செஞ்சவங்க பேருதான் இருக்கணும்.”

குழந்தை சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தது. என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. டப்பாவை மூடி வைத்தேன்.